கிஃப்ட் வவுச்சர்ல தேதி எழுதுற இடம் வழவழன்னு இருந்தா

மதுரைல பதினஞ்சு வருஷமா கடைகளுக்கு பில் புக், கவர், கிஃப்ட் வவுச்சர் எல்லாம் டிசைன் பண்ணிக் கொடுக்குறேன். ஒரு ஜவுளிக்கடைக்கு தீபாவளி சமயத்துல 1000 ரூபா வவுச்சர் பண்ணுனது இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு, அதனாலதான் இத எழுதுறேன்.

கார்டு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, ரெண்டு பக்கமும் பளபளன்னு கிளாஸி லேமினேஷன், மெரூன் கலர்ல தங்க ஃபாயில். பாக்குறதுக்கு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு. கீழ "வாங்கிய நாளிலிருந்து 6 மாதம்"னு போட்டு, பக்கத்துல தேதி எழுத ஒரு கோடு விட்டிருந்தேன். லேமினேஷன் மேல பால் பாயிண்ட் பேனா சரியா எழுதாது, ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சாலும் மை காயாம கைல ஒட்டும். கவுண்டர்ல தீபாவளி கூட்டம், யாரு நின்னு எழுதுவா? பாதி கார்டு தேதி இல்லாமயே வெளிய போயிடுச்சு. எழுதுன கார்டுலயும் கவருக்குள்ள உரசி எழுத்து அழிஞ்சுடுச்சு.

ஏப்ரல் கடைசில ஒரு அம்மா வந்தாங்க. மருமக கொடுத்த கார்டு, பேத்தி பொறந்தநாளுக்கு டிரஸ் எடுக்கலாம்னு பீரோல பத்திரமா வச்சிருந்தாங்களாம். "வாங்கிய நாள்"ன்னா தன் கைக்கு வந்த நாள்னு நினைச்சிருக்காங்க, அது பொங்கலுக்கு. கடைக்காரர் கணக்குல அது மருமக அக்டோபர் ஆரம்பத்துல காசு கட்டுன நாள். ரெண்டு பேர் சொன்னதும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்துது, தப்பு என்னோடது. பரிசுல காசு கொடுக்குறவர் வேற, செலவு பண்றவர் வேற, அந்த ரெண்டாவது ஆளுக்கு பில் தேதி தெரியவே தெரியாது.

அதுக்கப்புறம் நான் 6 மாதம், 180 நாள்னு எதுவும் போடுறதே இல்ல. "2026 ஜூன் 30 வரை, அன்னைக்கும் செல்லும்"னு முழுத் தேதிய மாசத்த எழுத்துல போட்டு, சீரியல் நம்பரோட சேர்த்து பிரஸ்லயே அடிச்சு வாங்கிடுறேன். 05/06ன்னு நம்பர்ல போட்டா வெளிநாட்டுல இருக்குற பசங்க மே மாசம் ஆறாம் தேதியா ஜூன் அஞ்சான்னு கேக்குறாங்க. கைலதான் எழுதணும்னு கடைக்காரர் பிடிவாதமா சொன்னா லேமினேஷன் வேணாம், வேணுங்கற இடத்துல மட்டும் பளபளப்பு பூசுற ஸ்பாட் யுவி போடுங்க, தேதி இடத்த மட்டும் வெறும் பேப்பரா விட்டுடலாம்னு சொல்லுவேன். தங்க ஃபாயில்ல தேதி போடவே கூடாது, டியூப்லைட்ட திருப்பி அடிச்சு ஒண்ணும் தெரியாது. கடையோட பேருக்கு வேணா ஃபாயில் போட்டுக்கோங்க.

ஒரே கடைல மட்டும் செல்லுற வவுச்சருக்கு ரிசர்வ் பேங்க் ப்ரீபெய்டு விதிமுறை பொருந்தாது. பேங்க் கிஃப்ட் கார்டுன்னா குறைஞ்சது ஒரு வருஷம் செல்லணும், 10,000 ரூபாய்க்கு மேல போடக்கூடாதுன்னு இருக்கு. நம்ம ஜவுளிக்கடை கார்டுல கெடு வைக்கிறது கடைக்காரர் இஷ்டம், அப்போ அட்டைல என்ன அச்சாகுதோ அதுதான் வாங்குறவங்களுக்கு கைல இருக்குற ஒரே ஆதாரம்.

அடுத்து தொகை. "₹1000 கிஃப்ட் வவுச்சர்"னு பெருசா போட்டா போதும்னு நினைக்கிறோம், ஆனா நிறைய பேர் அத தள்ளுபடி கூப்பன்னு நினைச்சு 5000க்கு துணி எடுத்தாதான் செல்லும்போலன்னு வச்சிடுறாங்க. அதனால தொகைக்கு கீழயே "1000 ரூபாய் பணம் மாதிரி, எவ்வளவுக்கு வாங்குனாலும் செல்லும்"னு ஒரு வரி வைக்கிறேன். 700 ரூபாய்க்கு வாங்குனா மிச்சம் 300 என்னாகும்னு கடைக்காரர்ட்ட முதல்லயே கேட்டு வாங்கிடணும், அடுத்த தடவ எடுத்துக்கலாமா இல்ல போயிடுமான்னு. அவரே யோசிச்சிருக்க மாட்டாரு, கேட்டாதான் முடிவு பண்ணுவாரு.

பயன்படுத்துற விதம் பின்பக்கம் பதினாலு நிபந்தனையா குட்டியா இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. உண்மைல கஷ்டம் ஒரே இடத்துலதான். பில் போட்டு யுபிஐல காசும் கட்டிட்டு அப்புறமா பர்ஸ்ல இருந்து கார்ட எடுக்குறாங்க, முடிச்ச பில்ல ரத்து பண்ணி திரும்ப போட மேனேஜர கூப்பிடணும், வரிசைல நிக்கிறவங்க முறைக்கிறாங்க, அவங்களுக்கு கூச்சமாயிடுது. அதனால "பில் போடுறதுக்கு முன்னாடி இந்த கார்ட காட்டுங்க"ங்கறத மட்டும் முன்பக்கத்துக்கு கொண்டு வந்துட்டேன், தொகைக்கு பக்கத்துலயே, 11 பாயிண்ட்ல. தமிழுக்கு அதுக்கு கீழ போனா சுழியும் கொம்பும் மெரூன் மேல அடைச்சுக்கும்.

இப்பல்லாம் பிரஸ்ஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சாதா பிரிண்ட் எடுத்து டீக்கடைல நாலு பேர்ட்ட கொடுத்துடுறேன். பத்து செகண்ட் பாத்துட்டு திருப்பிக் கொடுங்கன்னு சொல்லிட்டு, எவ்வளவு, எப்ப வரைக்கும், எப்ப காட்டணும்னு மூணே கேள்வி. போன வாரம் ஒரு அண்ணன் தேதிய மட்டும் சொல்லத் தெரியாம முழிச்சாரு, பாத்தா கடை லோகோக்கு அடில போய் ஒளிஞ்சிருந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே மேல ஏத்தி தொகைக்கு கீழ வச்சு அனுப்பிட்டேன்.