சரக்கு திரும்பி வந்தா கிரெடிட் நோட் யார் போடணும்? ஒரு எஸ்பி ரோடு பில்லை வெச்சு பாப்போம்

பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம் நாலஞ்சு கடைக்கு நான் கணக்கு பாக்குறேன், எல்லாம் எலக்ட்ரிக்கல் சாமான், ஒயரு, சுவிட்ச், எம்சிபி இந்த மாதிரி. ஜனவரி மாசம் ஓசூர்ல இருக்கற ஒரு பார்ட்டியோட அக்கவுண்டன்ட் தம்பிகிட்ட இருந்து போன். "அண்ணே, நாங்கதான் டெபிட் நோட்டு அனுப்பிட்டோமே, அப்புறம் நீங்க எதுக்கு தனியா கிரெடிட் நோட்டு போட்டீங்க, ரெண்டு தடவை கழியுதுன்னு நான் ரிஜெக்ட் பண்ணிட்டேன்"ங்கறார். அவர் சொன்னது தப்பு, ஆனா அவர் மேல கோவப்படவும் முடியல, ஏன்னா பாதி பேர் இப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க.

குழப்பம் எங்க இருந்து வருதுன்னா டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல இருந்து வருது. வாங்கினவர் சரக்கை திருப்பி அனுப்பும்போது அவர் புக்குல சப்ளையர் கணக்கை டெபிட் பண்ணுவார், அதுக்கு டாலில இருக்கற வவுச்சர் பேரே டெபிட் நோட். அதை பிரிண்ட் எடுத்து சரக்கோட அனுப்பிடறாங்க. சேல்ஸ் டாக்ஸ், வாட் காலத்துல இருந்தே இருக்கற பழக்கம். அது அவங்க கணக்குக்கு சரி, "இவ்ளோ சரக்கு திருப்பியிருக்கேன், இவ்ளோ பணம் கழிச்சுக்கோ"ன்னு சொல்ற ஒரு சீட்டு, அவ்ளோதான், அதை வெச்சு ஒரு ரூபா வரி கூட குறையாது. ஜிஎஸ்டி சட்டத்துல பிரிவு 34 சொல்ற கிரெடிட் நோட்டு, டெபிட் நோட்டு ரெண்டுமே சப்ளை பண்ணவர் மட்டும்தான் போட முடியும். பில்லு போட்டவர்தான் பில்லை திருத்தணும், இதை மனசுல வெச்சுக்கிட்டா பாதி சண்டை தீந்துடும். வரி கூட போட்டிருந்தா, வேல்யூ கூட போட்டிருந்தா, சரக்கு திரும்பி வந்தா, சரக்குல குறை இருந்தா சப்ளையர் போடறது கிரெடிட் நோட்டு. கம்மியா போட்டிருந்தா அதே சப்ளையர் போடறது டெபிட் நோட்டு.

இப்ப அந்த பில்லுக்கு வருவோம். 2025 நவம்பர் 18ம் தேதி கடையில இருந்து ஓசூருக்கு 40 காயில் ஒயர் போச்சு, காயில் 2,500 ரூபா, மொத்தம் 1,00,000, வேற மாநிலம்ங்கறதால ஐஜிஎஸ்டி 18 சதவீதம் 18,000, ஆக பில்லு 1,18,000. பிரிச்சு பாத்தா அதுல 6 காயில் கலர் மாறி போயிருக்கு, பச்சை கேட்டதுக்கு மஞ்சள். டிசம்பர் 9ம் தேதி அந்த ஆறும் டெலிவரி சலானோட திரும்பி வந்துடுச்சு (50,000 தாண்டாததால இ-வே பில் வேண்டியதில்ல). நாங்க 12ம் தேதி கிரெடிட் நோட்டு போட்டோம், 6 காயிலுக்கு 15,000, ஐஜிஎஸ்டி 2,700, மொத்தம் 17,700. பில்லுல ஐஜிஎஸ்டி போட்டிருந்தா நோட்டுலயும் ஐஜிஎஸ்டிதான், சரக்கு பெங்களூருலதானே வந்து இறங்குதுன்னு சிலர் சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டின்னு பிரிச்சு போட்டுடறாங்க, அது தப்பு. நோட்டுக்கு தனி வரிசை நம்பர் வேணும், 16 எழுத்துக்கு மேல போகக்கூடாது, எந்த பில்லுக்காக போடறோமோ அந்த பில் நம்பரும் தேதியும் நோட்டுல இருக்கணும். ஒரே நோட்டுல ரெண்டு மூணு பில்லை சேத்து போடலாம், அதுக்கு தடையில்ல. உங்க டர்ன்ஓவர் 5 கோடி தாண்டி இ-இன்வாய்ஸ் போடறவங்களா இருந்தா இந்த நோட்டுக்கும் ஐஆர்என் எடுக்கணும், பில்லுக்கு மட்டும் எடுத்துட்டு நோட்டை மறந்துடறவங்க நிறைய.

டிசம்பர் மாச ஜிஎஸ்டிஆர் 1ல இது `9B - Credit / Debit Notes (Registered) - CDNR` கட்டத்துல போகும். இங்க ஒரு சின்ன இடம், நோட் டைப்னு ஒரு டிராப்டவுன் வரும், அதுல கிரெடிட்டுக்கு பதிலா டெபிட்னு தேர்ந்தெடுத்துட்டா 2,700 குறைய வேண்டிய இடத்துல 2,700 ஏறிடும், அதாவது 5,400 ரூபா வித்தியாசம். தொகையை மைனஸ் போடாம சாதாரணமாவே அடிக்கணும், கிரெடிட்னு சொன்னா அதுவே கழிச்சுக்கும். ஃபைல் பண்றதுக்கு முன்னாடி அந்த மாசத்து மொத்த வரியை டாலியோட ஒத்துப் பாருங்க, நோட்டோட வரியைப் போல சரியா ரெண்டு மடங்கு உதைச்சா வேற எங்கயும் தேட வேண்டாம், அந்த டிராப்டவுன்தான்.

ஜனவரி 11க்குள்ள ஜிஎஸ்டிஆர் 1 போட்டாச்சு, 20க்குள்ள வரி கட்டற ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர் 3பி, அதுல எங்க வரி 2,700 குறைஞ்சுது. அந்தப் பக்கம் ஓசூர்காரருக்கு இந்த நோட்டு ஐஎம்எஸ்ல, அதாவது போர்ட்டல்ல இருக்கற இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டத்துல போய் நிக்கும். அவர் அக்செப்ட் கொடுக்கலாம், ரிஜெக்ட் கொடுக்கலாம், ஒண்ணுமே பண்ணலைன்னா அக்செப்ட் பண்ணதாவே எடுத்துக்கும், அவரோட இன்புட் கிரெடிட்ல 2,700 கழிஞ்சுடும். அக்டோபர் 2025 மாசக் கணக்குல இருந்து கிரெடிட் நோட்டை ஒரே ஒரு மாசம் பெண்டிங்ல வைக்கவும் விட்டிருக்காங்க, முன்னாடி அது கிடையாது. தம்பி ரிஜெக்ட் கொடுத்துட்டார். என்னாச்சுன்னா எங்க ஜனவரி மாச 3பில, பிப்ரவரில ஃபைல் பண்றது, அந்த 2,700 திரும்பவும் கட்ட வேண்டிய வரியா வந்து உக்காந்துடுச்சு. சரக்கு எங்ககிட்ட இருக்கு, பணத்தை அவங்களுக்கு கழிச்சாச்சு, வரி மட்டும் நாங்க கையில இருந்து கட்டணும்!

இது போர்ட்டல் வேலை மட்டும் இல்ல, 2025 அக்டோபர் 1ல இருந்து சட்டத்துலயே இருக்கு. வாங்கினவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரா இருந்து, அந்த சரக்குக்கு இன்புட் எடுத்திருந்தா, அவர் அதை திருப்பி கழிச்சாதான் நமக்கு வரி குறையும். ஞாயமா பாத்தா சரிதான், ஆனா இன்னொருத்தர் பட்டனை அமுக்கறது நம்ம வரியை தீர்மானிக்குதுங்கறது கொஞ்சம் எரிச்சல்தான், என்ன பண்றது.

தம்பிகிட்ட பொறுமையா சொன்னேன், "உங்க புக்குல இருக்கற டெபிட் நோட்டும் நான் போட்ட கிரெடிட் நோட்டும் ஒரே விஷயம்தான், போர்ட்டலுக்கு உங்க நோட்டு தெரியவே தெரியாது, அதனால ரெண்டு தடவை கழிய வழியே இல்ல"ன்னு. அவர் 3பி ஃபைல் பண்ணாம இருந்திருந்தா ஐஎம்எஸ்ல போய் ரிஜெக்ட்டை அக்செப்ட்டா மாத்தி, அவரோட இன்புட் பட்டியலான 2பியை ரீகம்ப்யூட் பண்ணா வேலை முடிஞ்சிருக்கும். ஆனா ஃபைல் பண்ணிட்டார். அதுக்கு வழி, நாங்க அதே நோட்டை எந்த மாத்தமும் இல்லாம அடுத்த ஜிஎஸ்டிஆர் 1ல திருத்தல் கட்டத்துல மறுபடி காட்டணும், அவர் இந்த தடவை அக்செப்ட் கொடுக்கணும். அப்ப அவர் பக்கம் 2,700 கழியும், எங்க பக்கம் ஏறின 2,700 இறங்கும். புது நம்பர்ல இன்னொரு கிரெடிட் நோட்டு மட்டும் போட்டுடாதீங்க, ஒரே சரக்குக்கு ரெண்டு நோட்டு ஆயிடும். இதுக்கப்புறம் நான் மாசா மாசம் ஐஎம்எஸ்ல சப்ளையர் வியூவை திறந்து யார் எதை ரிஜெக்ட் பண்ணியிருக்காங்கன்னு பாக்கறதை பழக்கமாவே வெச்சுட்டேன், அவங்க 3பி போடறதுக்குள்ள ஒரு போன் போட்டா போதும்.

சில சமயம் வாங்கினவர் நிஜமாவே அந்த ஆறு காயிலுக்கு இன்புட்டே எடுத்திருக்க மாட்டார், சரக்கு வந்த அன்னிக்கே தனியா வெச்சு மீதி 34 காயிலுக்கு மட்டும் எடுத்திருப்பார். அப்ப எதுக்கு திருப்பி கழிக்கணும்னு ரிஜெக்ட் பண்ண கை போகும். அதுவும் வேணாம், இப்ப அக்செப்ட் பண்ணும்போதே எவ்ளோ இன்புட் கழிக்கணும்னு தொகை போட இடம் கொடுத்திருக்காங்க, எடுக்கவே இல்லைன்னா பூஜ்யம் போட்டுக்கலாம்.

ரேட்டு மாறற கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். காப்பர் விலை ஏறினா பேசி வெச்சபடி ரேட்டை மாத்திக்கலாம்னு அந்த பார்ட்டியோட ஆர்டர்லயே எழுதியிருக்கு, டிசம்பர் கடைசில காயிலுக்கு 150 ரூபா கூட கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட இருக்கற 34 காயிலுக்கு 5,100, ஐஜிஎஸ்டி 918, ஆக 6,018க்கு நாங்க டெபிட் நோட்டு போட்டோம், பழைய பில்லை திறந்து ரேட்டை மாத்தறது கூடாது. டெபிட் நோட்டு போட்ட மாசத்து ரிட்டர்ன்ல காட்டி வரி கட்டணும், அவங்க அந்த 918ஐ இன்புட்டா எடுத்துக்கலாம். டெபிட் நோட்டுக்கு கடைசி தேதின்னு தனியா ஒண்ணும் இல்ல. 2021 ஜனவரில இருந்து இன்புட் எடுக்கற கெடுவையும் டெபிட் நோட்டு தேதி எந்த நிதியாண்டுல வருதோ அதை வெச்சுதான் பாக்கறாங்க, பழைய பில் தேதியை இல்ல. மாறா பேசுன ரேட்டை விட பில்லுல கூட போட்டுட்டீங்கன்னா கிரெடிட் நோட்டு, மேல சொன்ன அத்தனையும் அதுக்கும் அப்படியே பொருந்தும்.

கிரெடிட் நோட்டுக்கு மட்டும் கெடு உண்டு, இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க. சப்ளை எந்த நிதியாண்டோ அது முடிஞ்சு வர்ற நவம்பர் 30க்குள்ள ரிட்டர்ன்ல காட்டிடணும், அதுக்கு முன்னாடியே ஆனுவல் ரிட்டர்ன் போட்டுட்டீங்கன்னா கெடு அன்னியோட முடிஞ்சுது. எங்க பில்லு 2025 நவம்பர், அதாவது 2025-26, அதனால 2026 நவம்பர் 30 வரைக்கும் டைம். ஆனா 2026 டிசம்பர்ல ஒருத்தர் அந்த பில்லுல இருந்து இன்னும் நாலு காயில் தூக்கிட்டு வந்தா வரியை குறைக்க முடியாது. வரி இல்லாம வெறும் வேல்யூவுக்கு, ஏறின 150ஐயும் சேத்து நாலு காயிலுக்கு 10,600 ரூபாக்கு கமர்ஷியல் கிரெடிட் நோட்டு போடலாம், அதை போர்ட்டல்ல காட்ட வேண்டியதில்ல. அதைவிட நான் சொல்றது, பார்ட்டி ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்னா அவரையே நமக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டு விக்கற மாதிரி சரக்கை அனுப்ப சொல்லுங்க. அவர் 10,600க்கு 1,908 வரி போடுவார், அதை அவர் முன்னாடி எடுத்த இன்புட்ல கழிச்சுப்பார், நாம அந்த 1,908ஐ இன்புட்டா எடுத்துக்கலாம், யார் கையிலயும் வரி நிக்காது. ஓசூர் தம்பிகிட்ட இதையும் சேத்து சொன்னேன், "அப்ப அன்னிக்கு நான் பில்லு போடணும், இன்னிக்கு நீங்க நோட்டு போடணும், அவ்ளோதானேண்ணே"ன்னார். அவ்ளோதான்.