எடை ஏறவில்லை, கால் வீங்கியிருக்கிறது

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் வரும் தையற்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி ஒரு பள்ளி நோட்டில் தினமும் எடை எழுதிக்கொண்டு வருவார். அந்த நோட்டின் அட்டையில் பெரிதாக "58" என்று எழுதியிருக்கும். அது அவருடைய உலர் எடை. உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் எடுத்த பிறகு, வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாமல், ரத்த அழுத்தம் விழாமல் ஒருவர் இருக்கக்கூடிய எடையை அப்படிச் சொல்கிறோம். சிறுநீர் அநேகமாக நின்றுபோனவருக்கு எது கூடினாலும் இந்த எண்ணிலிருந்துதான் கணக்கு.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சதை ஒரே நாளில் ஒரு கிலோ போடாது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஏறிய எடை அநேகமாக நீர்தான். மலச்சிக்கல் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அவ்வளவே.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. காலையில் எழுந்து கழிவறைக்குப் போய்வந்து, காபி குடிப்பதற்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் பார்க்க வேண்டும். எடை இயந்திரம் தரை ஓட்டின் மேல் இருக்கட்டும். பாய் மேலோ மிதியடி மேலோ வைத்தால் தவறாகக் காட்டும். டயாலிசிஸ் நாளில் வீட்டில் பார்த்த எடையையும் எங்கள் இயந்திரம் காட்டும் எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு இயந்திரம் 400 கிராம் கூடக் காட்டினால் பரவாயில்லை, தினமும் அதே 400 கிராம் கூடக் காட்டினால் போதும். அதற்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை.

அந்த நோட்டில் இரண்டு பக்கங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. முதல் பக்கம் செவ்வாய் முதல் வெள்ளி வரை. செவ்வாய் டயாலிசிஸ் முடிந்து 58.0. புதன் காலை 58.6, வியாழன் 59.4, வெள்ளி காலை 60.5. மூன்று நாளில் இரண்டரை கிலோ. உலர் எடையில் ஏறத்தாழ நான்கு சதவீதம். நான்கு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டோம். அவர் பாதி நேரம் தூங்கினார்.

அடுத்த பக்கம் வெள்ளி முதல் செவ்வாய் வரை. இடைவெளி ஒரு நாள் அதிகம். நடுவே ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக் கல்யாணம். சனி 58.9, ஞாயிறு 60.0, திங்கள் 61.3, செவ்வாய் 62.1. நான்கு கிலோவுக்கு மேல். இதை ஒரே அமர்வில் எடுத்தால் என்ன ஆகும்? இயந்திரம் நீரை ரத்தத்திலிருந்துதான் இழுக்கிறது. சதையில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பி வர நேரம் வேண்டும். அது வந்து சேர்வதற்குள் வேகமாக இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், வாந்தி வரும். இதயமும் அடி வாங்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். 58 கிலோக்காரருக்கு நான்கு மணி நேரத்தில் அது மூன்று லிட்டர். அன்று மூன்று லிட்டர் எடுத்தோம், மீதி ஒரு கிலோவுக்கு மேல் உடம்பிலேயே தங்கியது. மறுநாள் ஒரு முறை கூடுதலாக வரச்சொன்னார் மருத்துவர்.

"தண்ணீரே குடிக்கவில்லை சிஸ்டர், அளந்துதான் கொடுத்தேன்" என்றார் அந்த அம்மா. உண்மைதான். ஆனால் கல்யாணச் சாப்பாட்டில் சாம்பாரும் ரசமும் பாயசமும் தண்ணீர்தான். அப்பளமும் ஊறுகாயும் உப்பு. நரம்பில் ஏற்றுகிறோமே, அந்த உப்பு டிரிப் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. ரத்தத்தின் உப்பளவும் ஏறத்தாழ அதுதான். எனவே 9 கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு அதற்கு ஈடாக ஒரு லிட்டர் நீரைக் கேட்கும். தாகம் என்பது அதுதான். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் அளப்பது நோயாளியை வதைப்பது. உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

இதுவரை தராசின் கதை. நான் சொல்ல வந்தது தராசு ஏமாற்றிய கதை.

அடுத்த மழைக்காலத்தில் தையற்கடைக்காரருக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டார். கஞ்சி மட்டும்தான் இறங்கியது. டயாலிசிஸை விடவில்லை, ஒவ்வொரு முறையும் 58-க்குக் கொண்டுவந்து அனுப்பினோம். நோட்டில் எண்கள் அழகாக இருந்தன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா சொன்னார்: "எடை ஏறவே இல்லை சிஸ்டர், ஆனால் மூன்று நாளாக இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறார். செருப்பும் நுழையவில்லை."

நான் அவர் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துப் பத்து விநாடி அழுத்தினேன். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. காய்ச்சலில் இரண்டு கிலோ சதை கரைந்திருந்தது. அந்த இடத்தை இரண்டு லிட்டர் நீர் நிரப்பியிருந்தது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். 58 என்பது அவருடைய உலர் எடையாக இல்லாமல் போய் வெகுநாளாகியிருந்தது. அந்த எண்ணையே நம்பிக்கொண்டிருந்ததில் எங்கள் தவறும் உண்டு.

அதனால்தான் எடை பார்த்த கையோடு வீக்கமும் பார்க்கச் சொல்கிறேன். நடமாடுபவருக்குக் காலில் பாருங்கள். மாலையில் தெளிவாகத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் தெரியாது, நீர் இடுப்புக்குப் பின்னால் இறங்கிவிடும். அங்கே அழுத்திப் பாருங்கள். காலையில் கண்ணிமை தடித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். குழி விழவில்லை என்பதற்காக நிம்மதியடையவும் வேண்டாம். இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்த பிறகுதான் குழி கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தைத் தராசுதான் காட்டும், தராசு தவறும்போது விரல் காட்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இந்தக் கணக்கில் சேராது. ரத்தக்கட்டியோ கிருமித் தொற்றோ இருக்கலாம். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கை மட்டும் வீங்கினால் மேலே ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மல்லாந்து படுக்க முடியவில்லை, நடுஇரவில் மூச்சுமுட்டி எழுந்து உட்காருகிறார் என்றால் எடை என்ன என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அடுத்த முறைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டிருக்கிறது. உட்காரவைத்தபடியே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தையற்கடைக்காரரின் உலர் எடையை ஒரே நாளில் இறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முந்நூறு, நானூறு கிராம் கூடுதலாக எடுத்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து, மூன்று வாரத்தில் 56-க்கு வந்தோம். ஒற்றைத் தலையணையில் படுக்கத் தொடங்கினார். அந்த அம்மா அட்டையில் 58-ஐ அடித்துவிட்டு 56 என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பசி திரும்பி, முட்டையும் மீனும் சாப்பிட்டு உடம்பு தேறியதும், டயாலிசிஸின் கடைசி அரைமணி நேரத்தில் கால் சுண்டி இழுக்க ஆரம்பித்தது. இந்த முறை ஏறியது சதை. அட்டையில் மூன்றாவது எண் 57.