ஐஸ் கட்டி ஏன் மிதக்கிறது? நான்கு கைகளின் கணக்கு

ஐஸ் தட்டின் ஒரு குழியில் தண்ணீரும், பக்கத்துக் குழியில் தேங்காய் எண்ணெயும் ஒரே மட்டத்துக்கு ஊற்றி, இரவு முழுக்க பிரீசரில் விட்டுவிடுங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் ஐஸின் மேற்பரப்பு நடுவில் புடைத்திருக்கும். எண்ணெய்க் கட்டியோ நடுவில் குழிந்து உள்வாங்கியிருக்கும். இப்போது ஐஸைத் தண்ணீரிலும், எண்ணெய்க் கட்டியை உருகிய தேங்காய் எண்ணெயிலும் போடுங்கள். ஐஸ் மிதக்கும், எண்ணெய்க் கட்டி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது மிதந்தால், எண்ணெயை ஊற்றும்போது காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது என்று பொருள். மெதுவாக ஊற்றி மறுபடி உறையவிடுங்கள்.

உலகத்தில் பெரும்பாலான பொருள்கள் அந்த எண்ணெயின் கட்சிதான். நெய், மெழுகு, ஈயம் எல்லாமே உறையும்போது சுருங்கும், தன் திரவத்திலேயே மூழ்கும். தண்ணீரின் கட்சியில் பிஸ்மத், காலியம், சிலிக்கான் போலச் சில பொருள்களே உண்டு.

எவ்வளவு புடைக்கிறது என்பதை முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். ஐஸின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம். அப்படியானால் 100 கிராம் ஐஸ் கட்டியின் பருமன் 100 ÷ 0.917, அதாவது 109 மி.லி. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும். இந்தக் கட்டி 100 மி.லி. தண்ணீரை விலக்கினால் போதும். மீதி 9 மி.லி. வெளியே தலைகாட்டும். ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. கட்டி உருகியதும் அது மறுபடி 100 மி.லி. தண்ணீராகி, தான் விலக்கிய இடத்திலேயே அளவாக அடங்கிவிடும். அதனால்தான் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி ஐஸ் மிதக்கவிட்ட டம்ளர், ஐஸ் உருகினாலும் வழிவதில்லை.

சரி, அந்த 9 மி.லி. எங்கிருந்து வந்தது? உள்ளே காற்று புகுந்ததா? இல்லை. கடை ஐஸில் வெள்ளையாகத் தெரியும் காற்றுக்குமிழிகள் வேறு விஷயம். குமிழி ஒன்றுகூட இல்லாத, கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸும் மிதக்கத்தான் செய்கிறது. காரணம் மூலக்கூறுகள் நிற்கும் வரிசையில் இருக்கிறது.

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் சுபாவம் அதிகம். ஹைட்ரஜனோடு பங்குபோட்டிருக்கும் எலக்ட்ரான்களையும் அது தன் பக்கமே வைத்துக்கொள்கிறது. இதனால் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்சுமையும், இரண்டு ஹைட்ரஜன் முனைகளிலும் லேசான நேர் மின்சுமையும் வருகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்த்துப் பிடிக்கும். இந்தப் பிடிதான் ஹைட்ரஜன் பிணைப்பு.

ஆக்சிஜனில் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இரட்டைகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வரும் ஒரு ஹைட்ரஜனை ஏற்கும். ஆக, ஒரு மூலக்கூறுக்குக் கொடுக்க இரண்டு கை, வாங்க இரண்டு கை, மொத்தம் நான்கு. மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்திருக்கும் சகப்பிணைப்போடு ஒப்பிட்டால், இந்தக் கைப்பிடியின் வலு சுமார் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறு தண்ணீர் மூலக்கூறைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமானது. ஆனாலும் அது மைனஸ் 60 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பது இந்தக் கைகளால்தான்.

நான்கு கைகளும் ஒரே தளத்தில் இல்லை. முக்கோணப் பிரமிடு மாதிரியான ஒரு நான்முகியின் நடுவில் மூலக்கூறை வைத்தால், கைகள் அதன் நான்கு மூலைகளை நோக்கி நீளும். கைக்கும் கைக்கும் இடையே சுமார் 109 டிகிரி கோணம். ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு கைகளையும் நீட்டி, சரியாக நான்கு பேரை மட்டும் பிடித்திருக்கிறது. இப்படிப் பிடித்துக்கொண்டே போனால் அறுகோண வளையங்கள் அடுக்கடுக்காக உருவாகின்றன. வளையத்தின் நடுவில் வெற்றிடம்.

இங்கேதான் பல விடைத்தாள்கள் சறுக்குகின்றன. "உறையும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன" என்று எழுதுவார்கள். கைகோத்து நிற்கும் இரண்டு மூலக்கூறுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை, ஆக்சிஜனிலிருந்து ஆக்சிஜன்வரை அளந்தால், ஐஸில் 0.276 நானோமீட்டர். திரவ நீரில் அது ஏறக்குறைய 0.28. அதாவது ஐஸில்தான் அண்டை மூலக்கூறுகள் கொஞ்சம் நெருக்கமாக நிற்கின்றன! ஐஸ் லேசாக இருப்பது தூரத்தால் அல்ல. பக்கத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கை குறைவதால்.

உடற்பயிற்சி வகுப்பில் ஆசிரியர் "கையை நீட்டி நில்லுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகிறது? நாற்பது பேர் மைதானத்தில் பாதியை அடைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறார், ஆனாலும் நடுவே எத்தனையோ பேர் நிற்க இடம் கிடக்கிறது. அதே நாற்பது பேரும் மணியடித்ததும் ஒரு டவுன் பஸ்ஸுக்குள் ஏறிவிடுவார்கள். ஐஸ் மைதானம், தண்ணீர் பஸ்.

எவ்வளவு இடம் காலி என்பதையும் பார்த்துவிடலாம். பழக்கடையில் ஆரஞ்சைக் குவித்து அடுக்குவதுபோல அடுக்கினால் உள்ளே இருக்கும் ஒரு பழம் 12 பழங்களைத் தொடும். தண்ணீர் மூலக்கூறுகளை, அதே 0.276 நானோமீட்டர் இடைவெளியில், அப்படி 12 அண்டைகளோடு அடுக்க முடிந்தால் அடர்த்தி 2 கிராமுக்கு வந்து நிற்கும். நிஜ ஐஸில் இருப்பதோ 0.917. நெருக்கி அடுக்கினால் தேவைப்படும் இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை ஐஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஐஸ் உருகும்போது எல்லாக் கைகளும் விடுபட்டுவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கிராம் ஐஸை உருக்க 334 ஜூல் போதும். அதே ஒரு கிராமை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்து ஆவியாக்க சுமார் 2,830 ஜூல் தேவை. முதல் எண், இரண்டாவதில் ஏறக்குறைய 12 சதவீதம். தோராயமாக, உருகும்போது எட்டில் ஒரு பிணைப்பு அளவுக்குத்தான் கலைகிறது. மிச்சமிருப்பவையும் நிலையாக இல்லை. ஒரு பிடி நீடிப்பது ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம், அவ்வளவுதான். விட்டு, வேறொன்றைப் பிடித்து, மறுபடி விட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். கைகள் வளைந்தும் விடுபட்டும் போவதால், இதுவரை எட்டி நின்ற மூலக்கூறுகள் வளையத்தின் வெற்றிடத்துக்குள் சரிந்து விழுகின்றன. ஐஸ் உருகினால் பருமன் குறைவது இதனால்தான்.

இந்தச் சரிவு 0 டிகிரியோடு முடிந்துவிடுவதில்லை. இப்போதுதான் உருகிய தண்ணீரில் ஐஸ் போன்ற விரிந்த அமைப்பு ஆங்காங்கே மிச்சமிருக்கும். சூடேற ஏற அது இன்னும் கலைந்து தண்ணீரைச் சுருக்கும். அதேநேரம் சூடு மூலக்கூறுகளை வேகமாக ஆட்டி, எல்லாத் திரவங்களையும்போலத் தண்ணீரையும் விரிக்கப் பார்க்கும். 0 முதல் 4 டிகிரிவரை சுருக்கும் பக்கம் ஜெயிக்கிறது. அதற்கு மேல் விரிக்கும் பக்கம். எனவே 4 டிகிரியில் தண்ணீர் மிகக் கனமாக இருக்கிறது. வித்தியாசம் ஒரு லிட்டருக்கு 0.13 கிராம்தான், ஓர் உப்புச் சிட்டிகை அளவு. ஆனால் எது மேலே, எது கீழே என்று முடிவு செய்ய அது போதும்.

எடின்பரோவில் வேதியியல் கற்பித்த தாமஸ் சார்லஸ் ஹோப் 1805இல் இதைக் காட்டிய விதத்தை நம் பள்ளி ஆய்வகத்திலும் செய்யலாம். உயரமான கண்ணாடிச் சாடியில் 12 டிகிரி அளவுக்குக் குளிரவைத்த தண்ணீர். மேலே ஒரு வெப்பநிலைமானி, அடியில் ஒன்று. சாடியின் நடு இடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு பாத்திரம். அதில் மூன்று பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு உப்பு. முதலில் அடி வெப்பநிலைமானிதான் இறங்கும். மேலே உள்ளது அதிகம் அசையாது. நடுவில் குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே போகிறது. அடியில் 4 டிகிரி வந்ததும் இறக்கம் நின்றுவிடும். அதற்கு மேல் குளிரும் நீர் லேசாகி மேலே ஏறுவதால், இப்போது மேல் வெப்பநிலைமானி மளமளவென்று இறங்கி 0 வரை போகும்.

நம் ஊர் வெயிலில் இந்தச் சோதனை ஒரு இடத்தில் மக்கர் செய்யும். அடி வெப்பநிலைமானி 4க்கு வராமல் 6, 7இலேயே நின்றுவிடும். 30 டிகிரி அறையிலிருந்து சாடியின் அடிவழியே வெப்பம் புகுந்துகொண்டே இருப்பதுதான் காரணம். சாடியைத் தெர்மோகோல் மேல் வைத்து, அடிப்பாதியைச் சுற்றியும் தெர்மோகோல் கட்டுங்கள். கண்ணாடிச் சாடிக்குப் பதிலாக எவர்சில்வர் பாத்திரம் கூடாது. உலோகம் மேலுக்கும் கீழுக்கும் வெப்பத்தைக் கடத்திக் குழப்பிவிடும். இடையில் கலக்கினாலும் எல்லாம் போயிற்று.

ஸ்ரீநகரின் தால் ஏரி கடுங்குளிரில் மேலே மட்டும் உறைவது இதே வரிசையில்தான். ஏரி முழுக்க 4 டிகிரிக்கு இறங்கிய பிறகு, மேலும் குளிரும் நீர் மேலேயே தங்கி அங்கேயே உறைகிறது. அடியில் மீன்களுக்கு 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர். கடலுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போகக் கூடாது. 3.5 சதவீத உப்புள்ள கடல்நீர், உறைநிலையான மைனஸ் 1.9 டிகிரிவரைக்கும் குளிரக் குளிரக் கனமாகிக்கொண்டே போகும். கடலில் உருவாகும் ஐஸ் மட்டும் வழக்கம்போல மிதக்கும்.

மிதப்புக்குக் காரணம் இந்த அமைப்புதான் என்பதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு மூலக்கூறின் எடையை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகளில் பயன்படும் கனநீர் அதற்குத் தோதானது. அதில் ஹைட்ரஜனுக்குப் பதில் இரண்டு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம்; மூலக்கூறின் எடை 18க்குப் பதில் 20. அதுவும் நான்கு கை நீட்டி, அதே அறுகோண வளையங்களாக, ஏறக்குறைய அதே இடைவெளியில்தான் உறைகிறது. எனவே அடர்த்தி 0.917 × 20 ÷ 18, அதாவது சுமார் 1.02 கிராமாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தாலும் 1.02தான் வருகிறது. கனநீர் ஐஸைத் திரவக் கனநீரில் போட்டால் மிதக்கும். நம் குடிதண்ணீர் டம்ளரில் போட்டால் மூழ்கிவிடும்.