ஓர் எழுத்தும் ஆறு மாத்திரையும்

அன்று மாலைதான் முதன்முறையாகக் கவுண்டரில் தனியாக நின்றேன். மூத்த மருந்தாளுநர் பின்னறையில் புதிதாக வந்த பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டை வாங்கு, மருந்தை எடுத்து வை. கையில் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாணவி எடுத்து வைக்கலாம். மருந்தாளுநர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

முதலில் வந்த சீட்டுகளில் சிக்கல் எதுவும் இல்லை. அப்புறம் ஒரு பெண் வந்தார். அம்மாவுக்கு மூட்டு வலி, புது டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்றார். சீட்டில் இரண்டே மருந்துகள். முதல் வரியில் ஒரு மருந்தின் மூன்றெழுத்துச் சுருக்கம், பக்கத்தில் 2.5, அடுத்து 6, கடைசியில் 'எம்' என்ற ஓர் ஆங்கில எழுத்து. அடுத்த வரியில் ஃபோலிக் அமிலம் 5. ஓரத்தில் நான்கு வாரம் என்று குறிப்பு.

அந்தச் சுருக்கம் மெத்தோட்ரெக்ஸேட் என்று படித்தேன். 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு, காலையில். 'மார்னிங்' என்பதன் முதலெழுத்துத்தானே அது? மனதில் வேறு எதுவும் தோன்றவில்லை. ஆறை இருபத்தெட்டால் பெருக்கினேன். 168 மாத்திரை வந்தது. பத்து மாத்திரை அட்டையில் பதினேழு எடுக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்தால் மொத்தமே ஐந்து அட்டைகள்தான் இருந்தன.

கை நின்றது அங்கேதான். பாடத்தில் படித்தது முதலில் நினைவுக்கு வரவில்லை. ஒரே ஆள் மாதத்துக்குப் பதினேழு அட்டை வாங்குகிற மருந்தென்றால் கடையில் ஐந்துதானா இருக்கும் என்ற கேள்விதான் முதலில் வந்தது. அட்டைப்பெட்டியிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். முடக்கு வாதத்துக்கு வாரம் ஒரு முறை என்று போட்டிருந்தது. 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் இன்னொரு சொல் அப்போதுதான் உறைத்தது. 'மண்டே.' திங்கட்கிழமைகளில் ஆறு மாத்திரை என்றால் நான்கு வாரத்துக்கு 24. நான் கணக்குப் போட்டிருந்தது அதைப் போல ஏழு மடங்கு.

ஏழு மடங்கு என்றால் உடம்பில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செல்கள் பிரிந்து பெருக ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை. அந்த ஃபோலேட் வேலை செய்யும் வழியை மெத்தோட்ரெக்ஸேட் அடைக்கிறது. வேகமாகப் பெருகும் செல்கள் முதலில் அடிபடும். ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும், வாயிலும் குடலிலும் இருக்கும் உள்தோலும் அப்படிப்பட்டவை. வாரம் ஒரு முறை சாப்பிட்டால் மீதி ஆறு நாளில் அவை தேறிவிடும். தினமும் சாப்பிட்டால் அந்த இடைவெளியே இல்லாமல் போகிறது. ஒரு வாரம், பத்து நாளிலேயே வாயெல்லாம் புண்ணாகலாம். வெள்ளணுக்கள் சரிந்து காய்ச்சல் வரலாம். தட்டணுக்கள் குறைந்து தோலில் நீலத் திட்டுகள் தெரியலாம். இந்தத் தவறால் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

பின்னறைக்குப் போய்ச் சொன்னேன். "சார், இது திங்கட்கிழமைதான்னு நினைக்கிறேன்." அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா நாம நினைச்சு மருந்து கொடுக்கக் கூடாது, டாக்டரைக் கேட்கணும்" என்றார். பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே போன் பேசச் சொன்னார். "வாரம் ஒரு தடவைதானேன்னு கேட்காதே. எப்படிச் சாப்பிடணும்னு மட்டும் கேளு."

அந்த வித்தியாசத்தை நான் இன்றுவரை விட்டதில்லை. பதிலை நாமே கேள்விக்குள் வைத்துவிட்டால், வேலை மும்முரத்தில் இருக்கும் டாக்டர் "ஆமாம்" என்று சொல்லி வைத்துவிடலாம். திறந்த கேள்வியாகக் கேட்டால் அவரே யோசித்துச் சொல்ல வேண்டிவரும். அவர் சொன்னார்: திங்கட்கிழமை மட்டும், ஆறு மாத்திரையும் ஒரே வேளையில், மொத்தம் 15 மில்லிகிராம். ஃபோலிக் அமிலம் வாரம் ஒன்று, வியாழக்கிழமை. சொன்னதை அப்படியே திருப்பிப் படித்துக் காட்டி, சரி என்று கேட்டுக்கொண்ட பிறகு சீட்டில் குறித்தேன்.

24 மாத்திரை எண்ணினேன். உறையில் "திங்கட்கிழமை மட்டும் ஆறு மாத்திரை. மற்ற நாட்களில் சாப்பிடக் கூடாது" என்று கிழமையை முழுதாக எழுதினேன். ஃபோலிக் அமிலத்தைத் தனி உறையில் போட்டு அதிலும் கிழமையை எழுதினேன். பல தயாரிப்புகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒரே உறையில் கிடந்தால் மாறிப்போக ரொம்ப நேரம் ஆகாது. மெத்தோட்ரெக்ஸேட்டில் 10 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. அதையும் 2.5-ஐயும் ஒருவருக்கே சேர்த்துக் கொடுப்பது எனக்கு இன்றும் பிடிக்காது. 2.5-க்குப் பதில் 10-ஐ எடுத்துவிட்டால் அளவு நான்கு மடங்காகும்.

சார் இரண்டு உறைகளையும் சீட்டோடு வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண்ணிடம் விளக்கிவிட்டு, "அக்கா, வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்றேன். கிழமையைச் சரியாகவே சொன்னார். அப்புறம், "வலி தாங்க முடியலைன்னா நடுவில ஒரு நாள் ரெண்டு போட்டுக்கலாம்ல?" என்று கேட்டார்.

சொல்லிக் காட்டச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது. மாத்திரையைச் சரியாக எண்ணிக் கொடுத்தும், கிழமையை எழுதிக் கொடுத்தும், ஆபத்து வீட்டுக்குப் போயிருக்கும். மூட்டு வலிக்கு வாங்கிய மருந்தை வலிநிவாரணி என்று நினைப்பது இயல்புதானே. "இது வலியை உடனே குறைக்கிற மாத்திரை இல்லை அக்கா. வேலை செய்றது தெரியவே ஆறு வாரத்துக்கு மேல ஆகலாம். நடுவில ஒண்ணுகூடப் போடக் கூடாது. வலி அதிகமானா டாக்டருக்குச் சொல்லுங்க, அவர் வேற ஏதாவது தருவார்" என்றேன்.

வாயில் புண், காய்ச்சலோடு தொண்டை வலி, காரணமில்லாமல் நீலத் திட்டு, வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் அடுத்த திங்கட்கிழமைவரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். தவறிப்போய் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டால் தொந்தரவு ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதன் விளைவை முறிக்கும் ஃபோலினிக் அமிலத்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. வீட்டிலிருக்கும் ஃபோலிக் அமிலம் அதற்கு ஈடாகாது. சிறுநீர்த் தொற்றுக்காக வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லச் சொன்னேன். கோ-டிரைமாக்ஸசோல் போன்ற ஆன்டிபயாடிக்கும் ஃபோலேட்டின் வழியைத்தான் அடைக்கும். இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை தாங்காது.

கிளம்பப் போனவர் திரும்பி வந்தார். "இன்னைக்குப் புதன்கிழமை. அம்மா இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு நிப்பாங்களேம்மா, என்ன சொல்றது?"

உறையைத் திரும்ப வாங்கினேன். காலண்டரைப் பார்த்து அடுத்த நான்கு திங்கட்கிழமைகளின் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, சாப்பிட்டதும் அடிப்பதற்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் கொடுத்தேன்.