“நான்தான் ஓட்டினேன்” என்று எழுதாதீங்க

இந்த வருஷத்தில் இது நான்காவது. கார் ஒர்க் ஷாப்பில் நிற்கிறது, நான் சேதத்தைப் பார்க்கப் போகிறேன், வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏனுங்க சார், வண்டிய நான்தான் ஓட்டிட்டு வந்தேன்னு எழுதிக்கலாமுங்களா?” என்று கேட்கிறார். ஈரோட்டைச் சுற்றி வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை செய்கிறேன். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர், தொகை போன்றவற்றை மாற்றியிருக்கிறேன்.

காங்கேயம் பக்கம் ஒரு குடும்பம். கொப்பரைக் களம் வைத்திருக்கிறார்கள். பையனுக்கு 17 வயது, பிளஸ் டூ. தோட்டத்துக்குள் டிராக்டரும் காரும் ஓட்டிப் பழகியவன். நோம்பிக்குச் சாமான் வாங்கிவர அவனிடம் சாவியைக் கொடுத்தார்கள். சென்னிமலை ரோட்டில் ஒரு திருப்பத்தில் மொபெட்டில் வந்த தறிக்காரர் மீது மோதிவிட்டான். அவருக்குக் கால் முறிந்தது. காரின் முன்பக்கம் நசுங்கியதில் எஸ்டிமேட் மட்டும் 2,35,000 ரூபாய். கிளைம் பாரத்தில் ஓட்டுநர் என்ற இடத்தில் அப்பா தன் பெயரையும் லைசென்ஸ் நம்பரையும் எழுதினார்.

அவர் ஆறடி உயரம். ஓட்டுநர் சீட்டோ ஸ்டீயரிங்கை ஒட்டி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. அதில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். சரி, வண்டியை எடுத்துவந்த ஒர்க் ஷாப் பையன்கூட சீட்டை நகர்த்தியிருக்கலாம், அதை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் கம்பெனி அனுப்பிய விசாரணையாளர் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். நகலை வாங்கியபோது விஷயம் வெளியே வந்தது. விபத்துக் காயத்தோடு யார் வந்தாலும் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அப்பா போய்ச் சேருவதற்கு முன்பே பையன் தன் வாயால் சொன்னது அதில் இருந்தது: கார் ஓட்டி வரும்போது மொபெட்டில் மோதியது. காயத்தைப் பற்றிய குறிப்பு, வலது தோளிலிருந்து இடது இடுப்பு நோக்கிப் பெல்ட் அழுத்திய சிராய்ப்பு. நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம், பெல்ட் அவருடைய வலது தோளிலிருந்து இறங்கும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இடது தோளில்தான் தடம் விழும்.

பலரும் நினைப்பதுபோல கிளைமை மறுப்பவன் நான் இல்லை. சேதத்தை மதிப்பிட்டு, கண்டதை எழுதிக் கொடுப்பது என் வேலை. முடிவு கம்பெனியுடையது. இதில் அவர்கள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது பாலிசியிலேயே இருக்கும் நிபந்தனை. “பம்பர் டு பம்பர் போட்டிருக்கோமுங்க” என்றார் அப்பா. அது மாற்றும் உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் இருப்பதற்கான சேர்க்கை. யார் ஓட்டினார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கார் செலவு கையை விட்டுப் போனதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தறிக்காரர் ஈரோடு தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார், வட்டியோடு 6,80,000 ரூபாய் தீர்ப்பானது. இங்கேதான் ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். “அடிபட்டவருக்கு எப்படியும் இன்சூரன்ஸ் கொடுத்துடுமுங்க” என்பார்கள். கொடுக்கத்தான் செய்யும், ஆனால் கடனாக. அடிபட்டவர் அலையக் கூடாது என்பதற்காக, முதலில் கம்பெனி பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவு போடுவது உண்டு. உரிமையாளர் தெரிந்தோ அக்கறையில்லாமலோ வண்டியைக் கொடுத்தார் என்பதைக் கம்பெனிதான் காட்ட வேண்டும் என்று 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 17 வயதுப் பையனுக்கு வீட்டிலேயே சாவி கொடுத்ததைக் காட்ட என்ன கஷ்டம்?

அந்த வசூல் யார் மேல் வரும் தெரியுமா? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல். இந்த வீட்டில் அது அம்மாவின் பெயர். ஒருநாளும் ஸ்டீயரிங்கைத் தொடாத அந்த அம்மாவின் பெயரில் வசூல் மனு வந்தது, அவருக்குச் சீராக வந்த பூமியை விற்றுக் கட்டினார்கள். தோட்டத்துக் களத்தில் அவர் கையில் அந்த நோட்டீஸோடு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கிரிமினல் பக்கம் தனி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரும் வண்டி உரிமையாளரும் அதற்குச் சம்மதித்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், தனக்குத் தெரியாது என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இன்னொன்று எனக்கு இதைவிட மனசு கஷ்டமாக இருந்தது. கோபி பக்கம் வாய்க்கால் ரோட்டில் 19 வயதுப் பெண் பாலச் சுவரில் காரை இடித்துவிட்டாள். யாருக்கும் காயமில்லை. செலவு 68,000 ரூபாய். அவளிடம் எல்.எல்.ஆர். இருந்தது, தேதி தாண்டவில்லை. முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டியிருந்தது. லைசென்ஸ் உள்ள அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார். அந்தக் கிளைம் நியாயமாகப் பாஸ் ஆக வேண்டியது! ஆனால் “எல்.எல்.ஆர்.னா காசு தரமாட்டாங்க” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தான் ஓட்டியதாக அப்பா எழுதிவிட்டார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பெண் இறங்கும் வீடியோ ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பொய்த் தகவல் கொடுத்ததாகச் சொல்லிக் கிளைமை நிறுத்திவிட்டார்கள்.

தயவுசெய்து இதை மனசில் வையுங்க. பழகுபவர் ஓட்டுவதைப் பாலிசி அனுமதிக்கிறது. கிளைம் பாரத்திலேயே லைசென்ஸ் நிரந்தரமானதா, பழகுநருடையதா என்று கேட்டிருக்கும். மோட்டார் வாகன விதிகளில் மூன்றாவது விதியை மட்டும் மீறியிருக்கக் கூடாது. வண்டியின் முன்னாலும் பின்னாலும் எல் போர்டு இருக்க வேண்டும். நிரந்தர லைசென்ஸ் உள்ளவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ தோதான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதாவது ஹேண்ட்பிரேக் எட்டும் முன் சீட்டில். பின் சீட்டில் அப்பிச்சி தூங்கிக்கொண்டு வந்தால் அது துணை ஆகாது. எல்.எல்.ஆருக்கு ஆயுள் ஆறு மாதம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்க. கையில் எல்.எல்.ஆர். வந்துவிட்டது என்று தனியாகப் பால் சொசைட்டி வரைக்கும்கூட அனுப்பாதீங்க.

கார் எல்.எல்.ஆர். 18 வயது ஆகாமல் கிடைக்காது. 16 வயதில் கிடைப்பது கியர் இல்லாத, 50 சி.சி.க்குள் உள்ள வண்டிக்கு மட்டும். “பையன்கிட்ட எல்.எல்.ஆர். இருக்குதுங்க” என்று அந்த அட்டையை என்னிடம் காட்டியவர்களும் உண்டு. எந்த வகை வண்டிக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும், படியுங்க. அப்புறம், கார் சாவியை டிவி ஸ்டாண்டில் போட்டு வைக்காதீங்க. பையன் கேட்டால் திட்டிக்கூட அனுப்புங்க, சாவியை மட்டும் கொடுக்காதீங்க.

ஏற்கெனவே தப்பான பெயரை எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? எங்கள் அறிக்கை போவதற்கு முன், ஓட்டியது யார், அவர் லைசென்ஸ் எது, பக்கத்தில் யார் இருந்தார் என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு கம்பெனிக்கும் சர்வேயருக்கும் கொடுங்க. பெருந்துறையில் ஒரு எல்.எல்.ஆர். கேஸில் அப்படி வந்த கடிதத்தை வாங்கி என் அறிக்கையோடு இணைத்து அனுப்பினேன். அந்தக் கிளைம் பாஸ் ஆனது.