கொத்தனாருக்கு வைக்கும் சோதனை

இருபது வருடம் சுவர் கட்டிய ஒருவரிடம் சான்றிதழ் இல்லை. அவருக்கு வேலை தெரியும் என்பதை அரை நாளில் எப்படி உறுதி செய்வது? முன்கற்றல் அங்கீகாரம் என்னும் தேர்வின் சிக்கலே இதுதான். இந்தியாவில் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இது ஒரு தனிப் பிரிவாக இருந்தது. அதில் 12 மணி நேர அறிமுக வகுப்பு முடிந்ததும், வகுப்பு நடத்தாத வேறொரு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து தேர்வு வைப்பார்.

அவர் கையில் இருப்பது பாடத்திட்டம் அல்ல, தொழிலின் தரப் பட்டியல். நல்ல கொத்தனார் என்னென்ன செய்வார், எந்த அளவுக்குள் செய்வார் என்று அதில் துண்டு துண்டாக இருக்கும்.

ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு மூலையைக் கட்டச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிந்தபின் தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். செங்குத்து விலகல் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சோதனைச் சுவர் இடுப்பளவுதான் என்பதால் அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

ஆனால் கட்டி முடித்த சுவர் பல விஷயங்களை மறைத்துவிடும். செங்கலை நனைத்தாரா? செங்குத்து இடுக்குகளில் சாந்து நிறைந்திருக்கிறதா, வெளிப்பக்கம் மட்டும் பூசியிருக்கிறாரா? அதனால்தான் மதிப்பீட்டாளர் ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடைசியில் வந்து சுவரை மட்டும் அளந்துவிட்டுப் போனால் அது பாதித் தேர்வுதான்.

எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. முழுச் செங்கல்லில் அடங்காத நீளத்தைக் கொடுப்பது. தேர்வுக்காக மட்டும் பழகி வந்தவர் உடனே சாந்தை அள்ளுவார். அனுபவசாலி முதல் வரியைச் சாந்து இல்லாமல் அடுக்கிப் பார்த்து, எங்கே செங்கலை வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் கரணையை எடுப்பார்.

அடுத்தது வாய்மொழிக் கேள்வி. "மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்த சாந்து இறுகிவிட்டது. தண்ணீர் விட்டுக் கிளறிப் பயன்படுத்தலாமா?" கூடாது. சிமெண்ட் இறுக ஆரம்பித்தபின் கிளறினால் அதுவரை உருவான பிணைப்பு உடைகிறது, கூடுதல் தண்ணீர் வலுவையும் குறைக்கிறது. இந்தக் காரணத்தைப் பாடப்புத்தகச் சொற்களில் சொல்ல வேண்டியதில்லை. "செத்த சாந்து, பிடிக்காது" என்றாலும் புரிந்துகொண்டு மதிப்பெண் போடுபவர்தான் நல்ல மதிப்பீட்டாளர். இதையே அச்சடித்த வினாத்தாளில் கேட்டால், எழுத்துக்கூட்டி வாசிப்பவர் தோற்றுப்போவார். அங்கே அளக்கப்படுவது அவருடைய வாசிப்பு, கொத்து வேலை அல்ல.

சுவரும் பதிலும் சரியாக இருந்தும், சாரத்தில் தலைக்கவசம் இல்லாமல் ஏறினால் பாதுகாப்புப் பகுதியில் மதிப்பெண் போகும். இருபது வருடப் பழக்கம் காலை வாருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.