ரிப்போர்ட் ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது? கிளினிக் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு

சிறிய கிளினிக்குகளில் மருத்துவப் பதிவுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. `selvi scan new.pdf`, `selvi scan new (1).pdf`, `murugan sugar.pdf`. இவற்றுக்கு நடுவே `divya beta hcg positive.pdf` என்று ஒன்று. டோக்கன் போட வந்தவர் கவுன்டரில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே போதும், திவ்யா கர்ப்பமாக இருப்பது தெரிந்துவிடும். ஃபைலைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஃபைலுக்குப் பாஸ்வேர்ட் போட்டாலும் இந்தச் சிக்கல் தீராது. பாஸ்வேர்ட் உள்ளே இருப்பதைத்தான் மறைக்கும், பெயரை மறைக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால், போன் பூட்டியிருக்கும்போதே பெரும்பாலும் அறிவிப்பில் ஃபைல் பெயர் வந்து நிற்கும். நோயாளி அதைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடை நம்பருக்கு அனுப்புவார். கடைக்காரரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அது அதே பெயரோடு மாதக்கணக்கில் கிடக்கும். நீங்கள் ஒருமுறை தட்டச்சு செய்த பெயர், உங்கள் கைக்கு எட்டாத இடங்களுக்கெல்லாம் போய்விடுகிறது.

அதனால் ஃபைல் பெயரில் நோயாளியின் பெயரும் வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம், முடிவும் வேண்டாம். நான் வைக்கச் சொல்வது இப்படி:

```
004712_20250314_LAB_01.pdf
004712_20250314_SCAN_01.pdf
```

முதலில் ஓ.பி. நம்பர். எல்லா நம்பரும் ஆறு இலக்கமாக இருக்கும்படி முன்னால் பூஜ்யம் சேர்த்துக்கொண்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் வரிசை குழம்பாது. அடுத்து ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி. நாளை முதலில் போட்டால் மார்ச் ரிப்போர்ட்டும் டிசம்பர் ரிப்போர்ட்டும் கலந்து நிற்கும். 14/3/2025 என்று சாய்வுக்கோடு போட நினைத்தால் விண்டோஸ் அதை ஏற்காது. பிறகு வகை. கடைசியில் அந்த நாளின் வரிசை எண்.

வகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெயரை எடுத்துவிட்டு `004712_HIV` என்று வைப்பார்கள். ஓ.பி. நம்பர் சீட்டிலேயே இருக்கிறது, சீட்டு வீட்டில் யார் கையிலும் இருக்கலாம். எனவே ரத்தம், சிறுநீர், விந்து எதுவானாலும் LAB. அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் SCAN. எக்ஸ்ரேக்கு XR. என்ன பரிசோதனை என்று தெரிய வேண்டியவர் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். எச்.ஐ.வி. விஷயத்தில் இது நாகரிகம் மட்டுமல்ல. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது.

“பெயர் இல்லாமல் எப்படித் தேடுவது?” என்று ரிசப்ஷனில் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெயரை வைத்துத் தேடுவது நாம் நினைக்கிற அளவுக்கு நம்பகமானதில்லை. ஜோதி என்பவரை ஒருவர் Jothi என்றும் இன்னொருவர் Jyothi என்றும் லேபில் Jothy என்றும் அடிப்பார்கள். இனிஷியலும் பெயரும் ஒன்றாக இருக்கும் எஸ். செல்விகள் ஒரே தெருவில் இரண்டு பேர் இருப்பார்கள். பெயருக்கும் நம்பருக்கும் ஒரு பதிவேடு இருந்தால் போதும்: பெயர், வயது, ஓ.பி. நம்பர், போன் நம்பர். நோட்டாக இருந்தால் பூட்டுகிற டிராயரில் வையுங்கள். எக்செல்லாக இருந்தால் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள்.

நம்பருக்கும் ஒரு ஆபத்து உண்டு. 4712 என்பதை 4721 என்று அடித்துவிட்டால் பார்த்தவுடன் தவறு தெரியாது. இதற்கு ஒரே காவல், அனுப்பும் முன் ஃபைலைத் திறந்து உள்ளே அச்சாகியிருக்கும் பெயரையும் வயதையும் பதிவேட்டோடு ஒப்பிடுவது. நேரில் வாங்க வருபவரிடம் “நீங்கதானே செல்வி?” என்று கேட்காதீர்கள். அவசரத்தில் யாரும் ஆமாம் என்பார்கள். “பேர், வயசு சொல்லுங்கம்மா” என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஓ.பி. 4712, எஸ். செல்வி, வயது 26, கர்ப்பப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். வெளி லேப் மாலையில் ரிப்போர்ட்டை `S SELVI BETA HCG.pdf` என்று அனுப்புகிறது. டவுன்லோட் ஆனதும் F2 அழுத்திப் பெயரை மாற்றுகிறீர்கள். திறந்து பார்த்தால் உள்ளே வயது 41. அது இன்னொரு செல்வியுடையது. லேபுக்குப் போன் செய்து சரியானதை வாங்குகிறீர்கள். அதற்குப் பெயர் வைத்தபின் பதிவேட்டைப் பார்த்தால், அதில் இருக்கும் போன் நம்பர் மைத்துனருடையது! முதல் நாள் அவர்தான் கூட வந்திருந்தார். இது அபூர்வமில்லை. நம் ஊரில் பல பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் பதிவாகும் நம்பர் வேறொருவருடையதுதான். ஆகவே பதிவேட்டில் “ரிப்போர்ட் அனுப்பலாமா, எந்த நம்பருக்கு?” என்று தனிப் பத்தி ஒன்று போட்டு, பதிவு செய்யும் அன்றே நோயாளியிடம் கேட்டு எழுதிவிடுங்கள். அது காலியாக இருந்தால் அனுப்ப வேண்டாம். நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

கிளினிக்கிலேயே வேர்டில் ரிப்போர்ட் தயாரிக்கிறவர்களுக்கு ஒன்று. பழைய நோயாளியின் ஃபைலைத் திறந்து அதன்மேலேயே அடித்துச் சேமிக்கும் பழக்கம் இருக்கிறது. பெயரை எல்லா இடத்திலும் மாற்றினாலும், டாக்குமென்ட்டின் Title பகுதியில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பி.டி.எஃப். ஆக்கி பிரவுசரில் திறந்தால் மேலே டேபில் அந்தப் பழைய பெயர் தெரியும். வேர்டில் File > Info போனால் Title என்ற இடத்தைப் பார்க்கலாம். அதைவிட நல்லது, யார் பெயரும் இல்லாத வெற்றுப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்தே தொடங்குவது.

சேமிக்கும் இடம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டி டிரைவில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஓ.பி. நம்பருக்கு ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் இரவு எதுவும் மிஞ்சக் கூடாது. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு L அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். கிளினிக் போனில், வாட்ஸ்அப் படங்கள் கேலரியில் சேர்வதையும் கேலரி கூகுள் போட்டோஸில் ஏறுவதையும் நிறுத்திவையுங்கள். உங்கள் சொந்த போனில் ரிப்போர்ட் வாங்கவே வேண்டாம், டாக்டர் சொன்னாலும் கிளினிக் போன் கேளுங்கள்.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து குறுந்தட்டில் வரும் டைகாம் என்ற மருத்துவப் பட வகைக்கு இந்தப் பெயர் மாற்றம் பாதிதான் உதவும். அந்த ஃபைலுக்குள்ளேயே நோயாளியின் பெயர், அடையாள எண், பிறந்த தேதி பதிந்திருக்கும். வெளியே என்ன பெயர் வைத்தாலும் பார்க்கும் மென்பொருளில் அவை வரும். அல்ட்ராசவுண்ட் படத்தில் பெயர் படத்தின் மேலேயே அச்சாகியிருக்கும். இன்னொரு டாக்டரின் கருத்துக்காகப் பெயரில்லாமல் அனுப்பச் சொன்னால், முன்னதற்கு அடையாளம் நீக்கும் வசதியுள்ள டைகாம் மென்பொருள் வேண்டும், பின்னதற்கு மேல்பகுதியை வெட்டினால் போதும்.

அப்புறம், இடம் போதவில்லை என்று நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளில் இருக்கின்றன. கர்ப்பகால ஸ்கேன் பதிவுகளுக்கு அதற்கான தனிச் சட்டப்படி 2 ஆண்டு, வழக்கு இருந்தால் அது முடியும்வரை. எதை எப்போது அழிக்கலாம் என்று டாக்டர் எழுத்தில் கொடுத்த பிறகு, ஆண்டு வாரியாக அழியுங்கள், அழித்த தேதியைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள்.